இரண்டாம் பருவ அறிவிப்புகளை எதில் குறித்து வைப்பது?

காலாண்டுத் தேர்வு முடிந்து பிள்ளைகள் விடுமுறைக்குப் போனதும் பள்ளி அலுவலகத்தில் ஒரு வேலை தொடங்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெற்றோருக்குப் போக வேண்டிய விடுமுறை அறிவிப்பு, கட்டணத் தேதி, தேர்வு அட்டவணை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதி, இன்ன நாளில் இன்ன நேரத்தில் தானாக வெளியாகட்டும் என்று குறித்து வைத்துவிடுவார்கள். நெல்லைப் பக்கம் சில பள்ளிகளின் இணையதளங்களைப் பார்த்துக்கொள்கிறவன் என்பதால் இந்தச் சமயத்தில் என்னிடம் ஒரே கேள்விதான் வரும். இதை இணையதளத்தில் வைப்பதா, டெலிகிராமிலா, குறுஞ்செய்தியிலா, இல்லை வாட்ஸ்அப் குழுவில் அன்றன்று கையால் போட்டுவிடுவதே மேலா?

எது தானாக அனுப்பும் என்பதை வைத்துத்தான் பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். போகவிருக்கும் அறிவிப்பைக் கடைசி நேரத்தில் நிறுத்த முடியுமா, போய்விட்டதைத் திருத்த முடியுமா என்பதே முதல் கேள்வி. ஜூனில் தொடங்கும் முதல் பருவத்தில் இந்தக் கேள்வி அவ்வளவாக எழாது. ஆனித் தேரோட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை, அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாள் என்று கலெக்டர் அலுவலகத்திலிருந்து முன்பே அறிவிப்பு வந்துவிடும். இரண்டாம் பருவம் அப்படியல்ல. தாமிரபரணிக் கரையில் மழை பெய்வது பெரும்பாலும் அப்போதுதான். அரையாண்டுத் தேர்வும் அதே நாட்களில்தான் வருகிறது.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. தென்மாவட்டங்களில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. மறுநாள் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை. அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போனது. பல இடங்களில் மின்சாரமும் செல்பேசிச் சேவையும் நின்றுபோயின. ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். ஆனால் செப்டம்பரிலேயே நேரம் குறித்து வைத்த அறிவிப்புக்கு ஞாயிறும் தெரியாது, வெள்ளமும் தெரியாது. ‘நாளை காலை 9.30 மணிக்குத் தேர்வு, அடையாள அட்டையுடன் வரவும்’ என்று அது தன் நேரத்துக்குச் சரியாகக் கிளம்பிவிடும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையை மனதில் வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும்.

குறுஞ்செய்தியை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் நிறுத்துவதிலும் திருத்துவதிலும் அதுதான் ஆகக் கடினமானது. ஸ்மார்ட்போன் இல்லாத வீட்டுக்கும் போய்ச் சேரும் என்பது அதன் பெரிய பலம். மேலப்பாளையத்திலும் ஆலங்குளம் பக்கமும் பீடி சுற்றும் தாய்மார்களில் பலர் கையில் இன்னும் பொத்தான் செல்பேசிதான் இருக்கிறது. ஆனால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, அனுப்புகிறவரின் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். பதிவான வாசகத்தில் தேதி, நேரம் போன்ற இடங்களை மட்டுமே மாற்றலாம். மழை இரவில் புதிதாக ஒரு வாக்கியம் எழுதி அனுப்பினால் அது வழியிலேயே தடுக்கப்பட்டுவிடும். இன்னொரு இடைஞ்சல் நீளம். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து கிடைக்கும், தமிழில் 70தான். அதிலும் புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனி இடமாகக் கணக்கில் வரும். ‘அரையாண்டுத் தேர்வு’ என்ற இரண்டு சொல்லுக்கே இடைவெளியோடு 18 இடம் போய்விடுகிறது. எழுபதைத் தாண்டினால் இரண்டாவது செய்திக்கும் காசு. போன செய்தியைத் திரும்பப் பெறவே முடியாது.

ஆகவே குறுஞ்செய்தியில் எதையும் ஒரு பருவத்துக்கு முன்னால் குறித்து வைக்க வேண்டாம். அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ‘தேதி மாற்றம்’, ‘விடுமுறை’, ‘கட்டணம்’ என்று மூன்று வாசகங்களையாவது செப்டம்பரிலேயே பதிவு செய்து வைத்திருந்தால் போதும். பதிவுக்கு ஒப்புதல் வரச் சில நாட்கள் பிடிக்கலாம் என்பதால் மழை வந்த பிறகு இதைத் தொடங்க முடியாது.

டெலிகிராம் சேனலுக்கு வருவோம். நேரம் குறித்து அனுப்பும் வசதி மட்டும்தான் அளவுகோல் என்றால் இதற்கே முதலிடம். அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்து `Schedule Message` என்பதைத் தொட்டால் ஓராண்டு வரை முன்கூட்டியே தேதி குறிக்கலாம். செய்தி அவர்களுடைய சர்வரிலிருந்து போவதால் அந்த நேரத்தில் நம் செல்பேசி அணைந்து கிடந்தாலும் கவலையில்லை. வரிசையில் இருப்பதை நீக்குவதும் வெளியானதைத் திருத்துவதும் எளிது. இவ்வளவும் இருந்து என்ன செய்ய, பெற்றோர் அங்கே இல்லையே. உயர்வகுப்பு மாணவர்கள் இருப்பார்கள், இளம் ஆசிரியர்கள் இருப்பார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் ஆச்சியை டெலிகிராமுக்கு வரவழைக்க நடந்த முயற்சி எதுவும் பலித்து நான் பார்த்ததில்லை.

பெற்றோர் இருப்பது வாட்ஸ்அப் குழுவில்தான். அங்கே அலுவலக எழுத்தர் தன் கையால் போட வேண்டியிருப்பதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது பாதுகாப்பாகவே படுகிறது. போடுவதற்கு முன் ஒரு மனிதர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்க்கிறார், அவ்வளவுதான் வேண்டும். நேரம் வந்ததும் தானாக அனுப்பும் என்று சொல்லும் வெளிச் செயலிகள் சில உண்டு. அவற்றில் பல, செல்பேசி விழித்திருந்தால்தான் வேலை செய்யும். பள்ளியின் எண்ணை அவற்றிடம் ஒப்படைக்க நான் சொல்ல மாட்டேன்.

வாட்ஸ்அப்பின் உண்மையான குறை, அனுப்பிய பிறகு தெரியும். ஒரு செய்தியைத் திருத்த 15 நிமிடம்தான் அவகாசம். எல்லோருக்கும் அழிக்க இரண்டு நாளுக்கு மேல் நேரம் இருந்தாலும், அதற்குள் அது பத்துக் குழுக்களுக்குப் போயிருக்கும். பள்ளியின் தலைப்புத் தாளில் அச்சிட்டு, முத்திரை வைத்து, படமெடுத்துப் போட்ட அறிவிப்பு இன்னும் மோசம். அது பெற்றோரின் செல்பேசியில் இறங்கிவிடும், நாம் அழித்தாலும் அங்கே இருக்கும். போன ஆண்டின் மழை விடுமுறைப் படம் இந்த ஆண்டு மழை இரவில் உலா வருவது இப்படித்தான்.

இணையதளம் மிச்சமிருக்கிறது. ஃபேஸ்புக் பக்கத்திலும் நேரம் குறிக்கலாம், ஆனால் பழைய அறிவிப்பு எப்போது யார் கண்ணில் படும் என்பது நம் கையில் இல்லாததால் அதை விட்டுவிடுகிறேன். இணையதளத்தில் ஓர் அறிவிப்புக்கு ஒரே முகவரி. உள்ளே என்ன மாற்றினாலும் முகவரி மாறாது. வாட்ஸ்அப்பில் அந்த இணைப்பு மட்டும் போயிருந்தால், எத்தனை குழுக்களுக்குப் போயிருந்தாலும், திறக்கும்போது திருத்திய தேதிதான் தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே என் வாக்கு இணையதளத்துக்கு. வரிசையில் வைப்பது அங்கே, கூவிச் சொல்வது வாட்ஸ்அப்பில், அவசரத்துக்குக் குறுஞ்செய்தி.

ஆனால் இணையதளமும் சொன்ன நேரத்துக்குச் சொன்னபடி செய்யும் என்று நம்பிவிடக் கூடாது. பெரும்பாலான பள்ளித் தளங்கள் வேர்ட்பிரஸ்ஸில் ஓடுகின்றன. அதில் நேரம் குறித்த பதிவு, யாராவது ஒருவர் தளத்தைத் திறக்கும்போதுதான் ‘என் நேரம் வந்துவிட்டதா’ என்று பார்க்கும். ஒருவரும் வரவில்லையென்றால் அது அப்படியே கிடக்கும். தளத்தை விரைவாக்குவதற்காகப் பக்கங்களைச் சேமித்து வைத்துக் காட்டும் வசதி இருந்தால், ஆட்கள் வந்தாலும்கூட இது நடக்கலாம். பள்ளித் தளத்துக்கு மாலை ஆறு மணிக்கு யார் வரப் போகிறார்கள்? அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்க வருகிறவர்தான் அதை வெளியிடவே வைக்கிறார். இப்படி நின்றுபோன பதிவு, பதிவுகள் பட்டியலின் தேதிப் பத்தியில் `Missed schedule` என்று காட்டும்.

தளம் இருக்கும் சர்வரின் கடிகாரத்தையே இந்த வேலைக்கு வைத்துவிட்டால் இது தீரும். முதலில் `wp-config.php` கோப்பில் இந்த வரியைச் சேர்க்க வேண்டும்:

```
define( 'DISABLE_WP_CRON', true );
```

பிறகு ஹோஸ்டிங் கணக்கில் `Cron Jobs` என்ற இடத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும்படி இதைக் கொடுக்க வேண்டும். முகவரி மட்டும் உங்கள் பள்ளியுடையது:

```
*/5 * * * * curl -s "https://example.com/wp-cron.php?doing_wp_cron" > /dev/null 2>&1
```

முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதை மறந்தால் எந்த அறிவிப்புமே தானாக வெளியாகாது. கூடவே `Settings`, `General` பக்கத்தில் `Timezone` என்ற இடத்தில் `Kolkata` இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே `UTC+0` என்று இருந்தால் மாலை 6 மணிக்குக் குறித்தது இரவு 11.30-க்குத்தான் வெளியாகும். இரண்டையும் சோதிக்க, பத்து நிமிடம் கழித்து வெளியாகும்படி ஒரு சோதனைப் பதிவை வைத்துவிட்டு, தளத்தை யாரும் தொடாமல் விட்டு, பிறகு பதிவுகள் பட்டியலைப் பார்த்தால் போதும்.

இனி, வரிசையில் எதை வைப்பது என்பது. கட்டணத் தேதி பள்ளி தானே வைப்பது, அதைத் தாராளமாகக் குறித்து வைக்கலாம். கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பு ஒன்று, மூன்று நாள் முன்பு ஒன்று. வாரக் கூலி வாங்கும் வீடுகள் அதிகமுள்ள ஊரில் கடைசி நாளைத் திங்கட்கிழமையாக வைத்தால் அலுவலகத்துக்கும் அலைச்சல் குறையும். அரசு ஆண்டின் தொடக்கத்திலேயே வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியலில் உள்ள நாட்களையும் வைக்கலாம். பிறை பார்த்து வரும் பண்டிகைகளை மட்டும் தள்ளி வையுங்கள், தலைமைக் காஜியின் அறிவிப்பு வந்த பிறகு போட்டால் போதும்.

தேர்வு அட்டவணையில் என் கருத்து மற்றவர்களிடமிருந்து மாறுபடும். அதை ஒரு நாளுக்கு ஒரு பாடம் என்று தனித்தனி அறிவிப்பாக வரிசையில் வைக்கவே கூடாது. கல்வித் துறையிலிருந்து அட்டவணை வந்த அன்றே ஒரே பக்கமாக வெளியிட்டுவிட வேண்டும், படமாக இல்லாமல் எழுத்தாக. தேர்வு தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில் அந்தப் பக்கத்தை நினைவூட்டும் ஒரு பதிவை மட்டும் குறித்து வைக்கலாம். அதில் தேதியே இருக்காது, இணைப்பு மட்டும் இருக்கும். தேதி எழுதியிருக்கும் இடம் ஒன்றாக இருந்தால் திருத்தும் இடமும் ஒன்றுதான்.

மழை விடுமுறையை வரிசையில் வைக்க முடியாது. ஆனால் அதன் வாசகத்தை `Draft` நிலையில் தயாராக வைத்திருக்கலாம், தேதியை மட்டும் நிரப்பும்படி. அந்த வாசகத்தில் மாவட்டத்தின் பெயர் அவசியம் இருக்க வேண்டும். 2019-ல் தென்காசி தனி மாவட்டமான பிறகு இந்தக் குழப்பம் கூடியிருக்கிறது. பாளையங்கோட்டைப் பள்ளி ஒன்றுக்கு ஆலங்குளத்திலிருந்து வரும் பிள்ளை தென்காசி மாவட்டம், வல்லநாட்டிலிருந்தும் முறப்பநாட்டிலிருந்தும் வரும் பிள்ளை தூத்துக்குடி மாவட்டம். தொலைக்காட்சியில் ‘தூத்துக்குடி மாவட்டத்தில் பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று ஓடியதும் முறப்பநாட்டு வேன் ஓட்டுநர் அலுவலகத்துக்குப் போன் செய்து, “சார், நமக்கும் லீவுதானா?” என்று கேட்கிறார். “பள்ளி இருக்கும் மாவட்டத்துக்கு என்னவோ அதுதான் அண்ணாச்சி” என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்வதைவிட, ‘திருநெல்வேலி மாவட்டக் கலெக்டரின் அறிவிப்புப்படி’ என்று அறிவிப்பின் முதல் வரியிலேயே எழுதிவிடலாம். சில நேரம் குறிப்பிட்ட தாலுகாக்களுக்கு மட்டும் விடுமுறை விடுவார்கள், சில நேரம் கல்லூரிகளுக்குக் கிடையாது. அதற்கும் ஒரு வரி இடம் விட்டு வையுங்கள்.

மழை இல்லாமலும் வரிசை குலையும். 2024 தீபாவளி அதற்கு நல்ல உதாரணம். அக்டோபர் 31 வியாழக்கிழமை தீபாவளி. வெள்ளி நடுவில் மாட்டிக்கொண்ட நாள். அக்டோபர் மாதத்தில்தான் நவம்பர் 1-ம் விடுமுறை, அதற்கு ஈடாக நவம்பர் 9 சனிக்கிழமை வேலை நாள் என்று அரசு அறிவித்தது. செப்டம்பர் கடைசியிலேயே வரிசையை முடித்துவிட்ட ஒரு பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். ‘31.10.2024 வியாழன் விடுமுறை, 01.11.2024 வெள்ளி பள்ளி வழக்கம்போல் நடைபெறும்’ என்று அக்டோபர் 28-க்கு ஒரு பதிவு. இரண்டாம் பருவக் கட்டணத்துக்குக் கடைசி நாள் நவம்பர் 1 என்று அக்டோபர் 18-க்கும் 29-க்கும் இரண்டு பதிவுகள். எட்டாம் வகுப்பு வரை நவம்பர் 1-ல் மாதத் தேர்வு என்று ஒன்று. அரசின் ஓர் அறிவிப்பால் இந்த நான்கும் தவறாகிவிட்டன, அவற்றில் கட்டணத்தின் முதல் அறிவிப்பு ஏற்கெனவே போயும்விட்டது. அதோடு, நவம்பர் 9-ல் வேன் ஓடும், மதிய உணவு கொண்டுவர வேண்டும் என்று புதிதாக ஒன்று தேவைப்படுகிறது.

நான்கையும் கண்டுபிடிப்பதுதான் சிரமம். தீபாவளி அறிவிப்பு எல்லோருக்கும் நினைவு வரும், கட்டண அறிவிப்பு நினைவு வராது. பதிவுகள் பட்டியலின் மேலே உள்ள தேடும் பெட்டியில் `01.11.2024` என்று கொடுத்தால், வெளியானது, வரிசையில் உள்ளது, `Draft` எல்லாம் சேர்ந்து வரும். தேதியை எல்லாப் பதிவிலும் ஒரே மாதிரி எழுதியிருந்தால்தான் வரும். ஒன்றில் ‘நவ. 1’, இன்னொன்றில் ‘1-11-24’, மற்றொன்றில் ‘வரும் வெள்ளி’ என்றிருந்தால் பாதி தப்பிவிடும். ஆகவே நாள், மாதம், ஆண்டு, கிழமை நான்கும் ஒரே வடிவில். ‘நாளை’, ‘இன்று’, ‘அடுத்த வாரம்’ ஆகிய சொற்களுக்கு நேரம் குறித்த அறிவிப்பில் இடமே இல்லை. தாமதமாக வெளியானாலும், மறுநாள் யாரோ குழுவில் பகிர்ந்தாலும் அவை பொய்யாகிவிடும்.

கண்டுபிடித்த பிறகு எதை முதலில் செய்வது என்பதிலும் கவனம் வேண்டும். மழை இரவுக்கும் இதே முறைதான். வரிசையில் காத்திருக்கும் தவறான பதிவுகளை முதலில் `Draft` நிலைக்கு இழுத்துவிட வேண்டும். புதிய அறிவிப்பை முதலில் போட்டுவிட்டு மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றிருந்தால், ஆறு மணிக்குக் காத்திருந்த பழையது வெளியாகி, பட்டியலில் புதியதற்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும். பெற்றோர் மேலே இருப்பதைத்தான் நம்புவார்கள். இழுத்த பிறகு, ஏற்கெனவே வெளியான பதிவை அதே முகவரியில் திருத்தி, முதல் வரியில் ‘திருத்தப்பட்டது’ என்று தேதியோடு குறிக்க வேண்டும். புதிய அறிவிப்பு அதற்குப் பிறகு. வாட்ஸ்அப் இணைப்பு கடைசியில். பக்கங்களைச் சேமித்துக் காட்டும் வசதி உள்ள தளமாக இருந்தால், இணைப்பை அனுப்பும் முன் அந்தச் சேமிப்பை நீக்கிவிட்டு, நிர்வாகியாக நுழையாத வேறொரு செல்பேசியில் பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் செய்ய, மாலையிலோ விடியற்காலையிலோ தளத்துக்குள் நுழையக்கூடிய ஓர் ஆள் வேண்டும். மழை விடுமுறை சில நாட்களில் காலை ஆறு மணிக்கு மேல்தான் அறிவிக்கப்படுகிறது, அப்போது முதல் வேன் புறப்பட்டிருக்கும். பல பள்ளிகளில் கடவுச்சொல் ஒரே ஒரு கணினி ஆசிரியரிடம் இருக்கிறது. அவருக்கு `Author` என்ற நிலை மட்டும் கொடுத்திருந்தால் மற்றவர் வரிசையில் வைத்த பதிவை அவரால் தொடக்கூட முடியாது. `Editor` நிலையில் இரண்டு பேராவது வேண்டும், ஒருவர் தலைமையாசிரியராக இருப்பது நல்லது. இரண்டு பேரும் ஒரே தெருவில் இருந்தால் மின்சாரமும் சிக்னலும் இரண்டு பேருக்கும் ஒன்றாகப் போகும். சில பள்ளிகளில் மதுரையிலோ சென்னையிலோ வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் ஒருவருக்கு மூன்றாவதாக இந்த நிலையைக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். இங்கே எல்லாம் நின்றுபோனாலும் ஏதோ ஒரு செல்பேசியில் சிக்னல் கிடைத்த நேரத்தில் தலைமையாசிரியர் அவரை அழைத்து, ‘தம்பி, வரிசையில் இருக்கிறதை எல்லாம் நிறுத்திவிடு’ என்று சொன்னால் போதும். அவருடைய எண்ணை அலுவலகக் கணினியில் மட்டும் சேமித்து வைக்காமல், காகிதத்திலும் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள்.